மாதாந்த யூனிட் ட்ரஸ்ட் முதலீட்டை 90 செக்கனில் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்தில் முதல் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்காகப் பணம் பற்றிச் சின்ன வீடியோ எடுப்பவர்கள் இப்போது ஹட்டனிலும் இருக்கிறார்கள், பண்டாரவளையிலும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும், வீடியோவைப் பார்த்தவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

"அக்கா, 90 செக்கனில் இதை உண்மையிலேயே சொல்லி முடிக்க முடியுமா?"

முடியும், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொன்னால். நிதானமாகப் பேசினால் 90 செக்கனில் ஏறக்குறைய 150 சொற்கள் போகும். அதற்குள் நிதிய வகைகள், வரி, கட்டணம், வரலாறு எல்லாவற்றையும் அடைத்தால் பார்ப்பவருக்கு ஒன்றும் நிற்காது.

நான் வைத்துக்கொள்ளச் சொல்வது இதைத்தான்: யூனிட் ட்ரஸ்ட் என்பது பலருடைய பணத்தைச் சேர்த்து ஒரு கம்பனி முதலிடும் நிதியம், நாம் போடும் பணத்துக்கு அதில் அலகுகள் கிடைக்கும். மாதாமாதம் ஒரே தொகையைப் போடும்போது, விலை ஏறினால் குறைவான அலகும் விலை இறங்கினால் கூடுதலான அலகும் கிடைக்கும். இதை நாலு மாதக் கணக்கில் காட்டுங்கள். நடுவில் நட்டம் தெரியும் ஒரு மாதம் கட்டாயம் இருக்கட்டும். அந்த மாதத்தை மறைத்துவிட்டு எடுக்கிற வீடியோ விளம்பரம்தான்.

"இந்தியச் சேனல்களில் எஸ்ஐபி, அதாவது மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முறை பற்றி நல்ல நல்ல வீடியோ இருக்கிறதே, அதையே எடுத்துப் பேசினால் என்ன?"

நம் பிள்ளைகள் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருகிறார்கள் என்பதால் இதில் கவனம் வேண்டும். பான் அட்டை, 80சி வரிச் சலுகை போன்றவை இந்தியச் சட்டத்தோடு சேர்ந்தவை. அந்த ஆப்களில் நம் அடையாள அட்டையை வைத்துக் கணக்குத் திறக்க முடியாது. இங்கே மியூச்சுவல் ஃபண்ட் என்பதற்கு இருப்பது யூனிட் ட்ரஸ்ட். அது 1991இலிருந்து நாட்டில் இருக்கிறது. மேற்பார்வை செய்வது இலங்கைப் பிணைகள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு. மாதாமாதம் போடும் முறையை இங்கே பெரும்பாலும் வங்கியின் ஸ்டேண்டிங் ஓடர் மூலம் செய்கிறோம்.

இன்னொன்று. "மாதம் 5,000 போட்டால் 20 வருடத்தில் ஒரு கோடி" என்ற மாதிரி அட்டவணையைத் தூக்கிவந்து போடாதீர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனதைப் பார்த்த நாடு இது. 20 வருடத்துக்குப் பிறகு கையில் வரும் கோடிக்கு என்ன வாங்கலாம் என்று சொல்லாமல் கோடியை மட்டும் சொல்வது நேர்மையில்லை. 90 செக்கனில் அதை விளக்கவும் இயலாது. நாலு மாதம் போதும்.

"சரி, அந்த நாலு மாதக் கணக்கு என்ன?"

மாதம் 3,000 ரூபாய் என்று வையுங்கள். பங்குகளில் முதலிடும் ஒரு நிதியம். விலைகள் நான் கணக்குக்காக வைத்தவை. எந்த நிதியத்தின் உண்மை விலையும் அல்ல என்பதைத் திரையிலும் எழுதிவிடுங்கள்.

முதல் மாதம் ஓர் அலகு 20 ரூபாய். 3,000 ரூபாய்க்கு 150 அலகு கிடைக்கிறது. இரண்டாம் மாதம் விலை 15. இப்போது அதே 3,000க்கு 200 அலகு. மூன்றாம் மாதம் 12 ரூபாய்க்கு இறங்குகிறது, 250 அலகு.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இதுவரை போட்டது 9,000. கையில் 600 அலகு. இன்றைய விலை 12 என்பதால் அதன் பெறுமதி 7,200. அதாவது 1,800 ரூபாய் குறைவு. முதல் தடவை போடுகிற ஆள் பயந்துபோய் நிறுத்துவது இந்த இடத்தில்தான். திரையில் இந்த 1,800ஐச் சிவப்பு எழுத்தில் இரண்டு செக்கனாவது நிற்க விடுங்கள்.

நான்காம் மாதம் விலை 15க்கு ஏறுகிறது. 3,000க்கு 200 அலகு. மொத்தம் 800 அலகு; போட்ட பணம் 12,000; இன்றைய பெறுமதி 800ஐ 15ஆல் பெருக்கினால் அதே 12,000. விலை இன்னும் முதல் மாத விலையான 20க்குத் திரும்பவில்லை, கால்வாசி கீழேதான் நிற்கிறது. ஆனாலும் நட்டம் இல்லை. ஏனென்றால் விலை குறைந்த மாதங்களில் கூடுதல் அலகு சேர்ந்ததால், ஓர் அலகுக்கு நாம் கொடுத்த சராசரி விலை 15 ரூபாய்.

நான் வேண்டுமென்றேதான் இலாபத்தில் முடிக்காமல் சமமாக முடித்திருக்கிறேன். கடைசி மாத விலையை 20 என்று வைத்தால் 3,000 ரூபாய் இலாபம் தெரியும், வீடியோவும் அழகாக இருக்கும். ஆனால் பார்ப்பவர் மனதில் "இறங்கினால் கட்டாயம் ஏறும்" என்பது பதிந்துவிடும்.

"விலை ஏறாமல் இன்னும் இறங்கினால்?"

நட்டம்தான். அதே கணக்கில் நான்காம் மாதம் விலை 10 என்று வையுங்கள். 300 அலகு சேரும், மொத்தம் 900 அலகு, பெறுமதி 9,000. போட்டது 12,000. மாதாமாதம் போடுவது விலை இறங்குவதைத் தடுக்காது. வாங்கிய சராசரி விலையைத்தான் கீழே கொண்டுவரும்.

இரண்டு மாதத்தில் 20இலிருந்து 12க்கு விழுவது மிகைதானே என்று சிலர் கேட்கிறார்கள். வழமையாக அப்படி நடப்பதில்லை, ஆனால் நடந்திருக்கிறது. 2022 ஜனவரியில் 13,000 புள்ளிகளைத் தாண்டிய கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் அதே ஏப்ரல் முடிவில் 8,000க்குக் கீழே இருந்தது. அந்த ஏப்ரலில் சந்தையை ஒரு வாரம் மூடியும் வைத்தார்கள்.

"மொத்தமாகப் போட்டிருந்தால் இதைவிட நல்ல இலாபம் வந்திருக்குமே என்று ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். என்ன பதில் சொல்வது?"

விலை தொடர்ந்து ஏறினால் அவர் சொல்வது சரி. 20, 24, 25, 30 என்று நாலு மாதம் ஏறுகிறது என்று வைத்தால், மாதாமாதம் போட்டவருக்கு 495 அலகு, பெறுமதி 14,850. முதல் நாளே 12,000ஐயும் போட்டவருக்கு 600 அலகு, பெறுமதி 18,000. மறைக்க ஒன்றும் இல்லை. நம்முடைய முதல் கணக்கில், 20 ரூபாயில் மொத்தமாகப் போட்டவருக்கு நாலாம் மாதம் 9,000 மட்டுமே மிஞ்சும் என்பதும் உண்மை.

ஆனால் இந்த ஒப்பீடே நம் பார்வையாளருக்குப் பொருந்தாது. தலவாக்கலையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிற பெண்ணிடமோ, கொழும்பில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பையனிடமோ முதல் நாளில் 12,000 சும்மா இருப்பதில்லை. சம்பளம் மாதாமாதம் வருகிறது, அதனால் முதலீடும் மாதாமாதம் போகிறது. இதுவே இந்த முறைக்கு முதல் காரணம். சராசரி விலை குறைவது அதனோடு சில வேளை கிடைக்கும் நன்மை. வீடியோவிலும் இந்த வரிசையிலேயே சொன்னால் அந்தக் கமெண்டே வராது.

"ஸ்கிரிப்டை முழுதாகத் தர முடியுமா? நான் என் பாணியில் மாற்றிக்கொள்கிறேன்."

இதோ. எழுத்து நடையில் இருக்கிறது. பேசும்போது உங்கள் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றுங்கள். எண்களை மட்டும் மாற்ற வேண்டாம்.

> முதல் சம்பளம் வந்துவிட்டதா? வீட்டுக்குக் கொடுத்தது போக மாதம் 3,000 ஒதுக்க முடியுமா? அப்படியென்றால் இதைக் கேளுங்கள்.
>
> யூனிட் ட்ரஸ்ட் என்பது பலருடைய பணத்தைச் சேர்த்து ஒரு கம்பனி முதலிடுவது. உங்கள் பணத்துக்கு அலகுகள் கிடைக்கும். அலகின் விலை ஏறும், இறங்கும்.
>
> 1,000 ரூபாய்க்குக் கரட் வாங்குகிறீர்கள். கிலோ 500 என்றால் 2 கிலோ. 250 என்றால் 4 கிலோ. அலகும் அப்படித்தான்.
>
> முதல் மாதம் விலை 20: 150 அலகு. அடுத்த மாதம் 15: 200 அலகு. மூன்றாம் மாதம் 12: 250 அலகு. இப்போது பார்த்தால் போட்டது 9,000, இருப்பது 7,200. ஆமாம், 1,800 நட்டம்.
>
> நான்காம் மாதம் விலை 15. இன்னும் 200 அலகு. மொத்தம் 800 அலகு, பெறுமதி 12,000. போட்டதும் 12,000. விலை 20க்கு வரவே இல்லை, ஆனாலும் நட்டம் போய்விட்டது.
>
> விலை 10க்கு இறங்கியிருந்தால் 3,000 நட்டம். அதுவும் நடக்கும். அதனால் அவசரத்துக்குத் தேவைப்படும் பணத்தைப் பங்கு நிதியத்தில் போடாதீர்கள். கம்பனிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று sec.gov.lk தளத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.
>
> இவை உதாரண விலைகள். இலாபத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கரட் உதாரணத்தை இதற்கு மேல் இழுக்காதீர்கள். கரட்டை வாங்கிச் சமைத்துவிடுவோம், விலை குறைவது நமக்கு எப்போதும் நல்லது. அலகை ஒரு நாள் விற்க வேண்டும். விற்கிற நாளில் விலை குறைவாக இருந்தால் நமக்குத்தான் இழப்பு. பார்ப்பவர் யாராவது இதைக் கேட்டால் அவர் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

"வீடியோவைப் பார்த்து ஆப்பில் கணக்குத் திறந்தேன். விலை ஏறுவதும் இறங்குவதும் தெரியவில்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கிறது. நான் தப்பானதில் போட்டுவிட்டேனா?"

தப்பில்லை. நீங்கள் போட்டது பணச் சந்தை நிதியமாக இருக்கும். இங்கே யூனிட் ட்ரஸ்டுகளில் இருக்கும் பணத்தின் பெரும் பகுதி இந்த வகையில்தான் கிடக்கிறது. புதிதாக வருபவருக்கு முதலில் காட்டுவதும் பெரும்பாலும் இதுதான். பணம் திறைசேரி உண்டியல், வங்கி வைப்பு போன்ற குறுகிய காலக் கடன்களில் இருப்பதால், வட்டி சேரச் சேர அலகு விலை மெல்ல ஏறும்.

இங்கேதான் வீடியோ எடுப்பவர்கள் சறுக்குகிறார்கள். சராசரி விலைக் கணக்கைப் பங்கு நிதியத்தை வைத்துச் சொல்லிவிட்டு, "பாதுகாப்பானது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்பதைப் பணச் சந்தை நிதியத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடுவார்கள். கேட்பவருக்கு இரண்டும் ஒரே பொருளின் குணங்கள் மாதிரி ஆகிவிடும். பணச் சந்தை நிதியத்தில் சராசரி விலைக் கணக்குக்கு வேலையே இல்லை. அங்கே மாதாமாதம் போடுவது வெறும் சேமிப்புப் பழக்கம். பங்கு நிதியத்தில் நினைத்த நேரத்தில் எடுக்கலாம் என்பது உண்மை, எடுக்கும் தொகைக்குத்தான் உறுதி இல்லை.

என் கருத்தைக் கேட்டால், முதல் வருடம் பணச் சந்தை நிதியத்தில் போட்டு இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தைச் சேர்த்துவிட்டு, அப்புறம் பங்கு நிதியத்துக்குப் போவது நல்லது. தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தை மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக்கொண்டிருக்கும் வீட்டில், அவசரம் என்று வந்தால் அந்தப் பிள்ளையின் 7,200தான் முதலில் வெளியே வரும்.

"ஆண்டுக்கு 8 சதவீதம் என்று போட்டிருந்தது. வருடம் முழுக்க 36,000 போட்டேன். 2,880 வர வேண்டும், ஆனால் 1,600கூட வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?"

இல்லை. 36,000 முழுவதும் பன்னிரண்டு மாதமும் உள்ளே இருந்திருந்தால்தான் 2,880. உங்கள் முதல் 3,000 மட்டுமே பன்னிரண்டு மாதம் இருந்தது. கடைசி 3,000 ஒரு மாதம்தான் இருந்தது.

3,000க்கு 8 சதவீதம் என்றால் வருடத்துக்கு 240, மாதத்துக்கு 20 ரூபாய். முதல் மாதப் பணம் 240 சம்பாதிக்கும், அடுத்தது 220, அதற்கடுத்தது 200, இப்படியே கடைசி மாதப் பணம் 20. எல்லாவற்றையும் கூட்டினால் 1,560. வட்டிக்கு வட்டியையும் சேர்த்தால் 1,600க்குச் சற்றுக் கீழே வரும். உங்கள் தொகை சரியாகத்தான் இருக்கிறது.

இது அடிக்கடி வரும் கோபம். ஆகவே வீடியோவில் ஏதாவது ஆண்டு வீதத்தைச் சொன்னால், முதல் வருடத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும் என்று கூடவே சொல்லிவிடுங்கள். பணச் சந்தை நிதியத்தின் வீதம் நாட்டின் வட்டி வீதத்தோடு மாறும், பூட்டி வைத்தது அல்ல என்பதையும் சேர்க்கலாம்.

"அம்மா சீட்டுப் போடச் சொல்கிறார். எதைச் செய்வது?"

சீட்டில் ஒரு நல்ல குணம் இருக்கிறது: கட்டாமல் விட முடியாது, பத்துப் பேர் கேட்பார்கள். ஸ்டேண்டிங் ஓடரை ஒரே நாளில் நிறுத்திவிடலாம். ஆனால் சீட்டு பிடிக்கிறவர் ஊரைவிட்டுப் போனால் கேட்க எந்த அலுவலகமும் இல்லை. வீட்டில் ஒரு திருமணமோ கூரை வேலையோ குறித்த மாதத்தில் வருகிறது, பிடிப்பவரும் நன்கு தெரிந்தவர் என்றால் சீட்டை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டையும் எதிர்எதிரே நிறுத்தி வீடியோ எடுக்க வேண்டாம், அம்மாக்கள் பார்க்கமாட்டார்கள்.

"சம்பளத்தில் ஏற்கெனவே இபிஎஃப் பிடிக்கிறார்களே?"

உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். இதற்கு மேல் இடிஎஃப்புக்கு முதலாளி 3 சதவீதம். இபிஎஃப் ஓய்வுகாலப் பணம், நினைத்தபடி எடுக்க முடியாது. அது ஒழுங்காகப் போகிறதா என்று முதலில் பாருங்கள். போகவில்லையென்றால் யூனிட் ட்ரஸ்டைவிட அதுதான் அவசரம்.

"கம்பனி மூடிவிட்டு ஓடினால் என் பணம்?"

பணத்தை எங்கே போடுவது என்று முடிவெடுப்பது முகாமைக் கம்பனி. ஆனால் பணமும் பத்திரங்களும் இருப்பது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம். அது ஒரு வங்கியாக இருக்கும். நீங்கள் பணம் அனுப்பும் கணக்கின் பெயரைப் பாருங்கள். நிதியத்தின் பெயரில் இருக்க வேண்டும். யாராவது ஒரு ஏஜண்ட் தன் சொந்தக் கணக்கு இலக்கத்தைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். "இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்குக் கூடும்" என்று சொன்னால் அது யூனிட் ட்ரஸ்ட் இல்லை, பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது.

வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. யூனிட் ட்ரஸ்டுக்கு அது கிடையாது. "வங்கி மாதிரியே பாதுகாப்பு" என்ற வசனம் ஸ்கிரிப்டில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

"கட்டணம் எவ்வளவு பிடிப்பார்கள்? வீடியோவில் சொல்ல வேண்டுமா?"

ஆண்டுக் கட்டணம் அலகு விலைக்குள்ளேயே கழிந்துவிடும்; தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற இடம் ஒன்று உண்டு: சில நிதியங்களில் நமக்கு விற்கும் விலையும் நம்மிடம் திரும்ப வாங்கும் விலையும் வேறு. திரும்ப வாங்கும் விலை 15, விற்கும் விலை 15.30 என்றால், 3,000க்கு 200 அலகுக்குப் பதில் 196தான் வரும். குறிப்பாகப் பங்கு நிதியங்களில் இரண்டு விலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோவில் நேரம் இல்லை, கீழே விவரக் குறிப்பில் இரண்டு வரி எழுதினால் போதும்.

"ஸ்டேண்டிங் ஓடர் போட்டேன், ஆனால் இரண்டு மாதமாக அலகு ஏறவில்லை. எங்கே பிழை?"

இரண்டு இடத்தில் பாருங்கள். ஒன்று, ஓடர் போகும் திகதி. சம்பளம் 25இல் வரும் என்று 25ஐயே கொடுத்திருப்பீர்கள். சம்பளம் ஒரு நாள் பிந்தினால் கணக்கில் காசு இருக்காது, ஓடர் போகாது, சில வங்கிகள் அதற்குக் கட்டணமும் எடுக்கும். 28 என்று மாற்றுங்கள். மற்றது, குறிப்புப் பகுதி. நிதியம் உங்களுக்குக் கொடுத்த கணக்கு இலக்கத்தை அங்கே எழுதாவிட்டால் பணம் போய்ச் சேரும், ஆனால் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். வங்கிக் கூற்றையும் பணம் போன திகதியையும் அனுப்பிக் கேளுங்கள், அலகு போட்டுத் தருவார்கள். எந்த நாள் விலைக்குப் போட்டார்கள் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.